தாத்தா போட்டோவிலிருந்து கலரிங் பக்கம்: எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது

கேள்வி: "கோத்தகிரியில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. அவள் தாத்தாவின் போட்டோவைக் கலர் அடிக்கிற பக்கமாக மாற்றிக் கொடுக்க ஆசை. கம்பளிக் குல்லா, கண்ணாடி, வெள்ளைத் தாடி, பின்னல் ஸ்வெட்டர், பின்னால் தேயிலைத் தோட்டம். போனில் ஸ்கெட்ச் ஃபில்டர் போட்டால் முகமெல்லாம் புள்ளியும் கீறலுமாக வருகிறது. கடையில் விற்கிற கலரிங் புத்தகம் மாதிரி சுத்தமான கோடாக வர என்ன செய்ய வேண்டும்?"

ஃபில்டரில் ஒரு குறையும் இல்லை. படத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் சட்டென்று மாறுகிறதோ அங்கெல்லாம் கோடு போடுவது அதன் வேலை. கம்பளி நூலின் ஒவ்வொரு முடிச்சிலும் சின்னதாக ஒரு வெளிச்சமும் ஒரு நிழலும் இருக்கும், அதனால் ஸ்வெட்டர் முழுக்கப் புள்ளி விழுகிறது. தேயிலைச் செடியில் ஒவ்வொரு இலைக்கும் அதே கதி. குல்லாவின் நிழல் நெற்றியில் விழுந்திருந்தால் அந்த நிழலின் ஓரமும் ஒரு கோடாகி, நெற்றியில் ஏதோ வெட்டுப்பட்டது என்று தோன்றும். இன்னொரு பக்கம், வெள்ளைத் தாடியும் பின்னால் இருக்கிற வெளுத்த வானமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால், உங்களுக்கு மிகவும் தேவையான அந்த ஓரத்தில் கோடே விழாது. ஃபில்டரின் அளவுகளைக் கூட்டிக் குறைத்தால் புள்ளி குறையும், ஆனால் அதோடு சேர்ந்து கண்ணும் போய்விடும். எது தாடி, எது வானம் என்று தெரிந்த ஒருவர் கையால் முடிவு செய்தால்தான் இந்த வேலை நடக்கும். சிறுவர் புத்தகங்களுக்குக் கோட்டுப் படம் போடுவது பல வருடமாக என் தொழில். போட்டோவிலிருந்து எடுக்கும் முகங்களை இன்றும் கையால்தான் ட்ரேஸ் செய்கிறேன்.

கோடு போடும்போது நான் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விதான். இந்தக் கோட்டைத் தாண்டும்போது குழந்தை க்ரேயானை மாற்றுவாளா? இந்தக் கோடு இல்லாவிட்டால் இவர் தாத்தா மாதிரி இல்லாமல் போய்விடுவாரா? இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால் கோடு இருக்கட்டும். இரண்டுக்கும் இல்லை என்றால் அது போட்டோவில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் வேண்டாம். இனி சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டு கேள்வியை உங்கள் தாத்தா படத்தில் வைத்துப் பார்ப்பதுதான். படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. முகத்துக்கு மிக அருகில் போனை வைத்து எடுத்ததாக இருந்தால் மூக்கு பெரிதாகவும் காதுப் பக்கம் ஒடுங்கியும் இருக்கும். போட்டோவில் அது கண்ணில் படாது, கோடாக வரைந்ததும் பட்டென்று தெரியும், வீட்டில் யாரும் "இது தாத்தா" என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுத்த படம் நல்லது. வெயிலில் எடுத்ததைவிட மூட்டமான நாளில் எடுத்தது மேல், அதில் முகத்தில் கடுமையான நிழல் இருக்காது. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மஞ்சு இறங்கியிருக்கும்போது எடுத்தால் பின்னாலிருக்கும் தோட்டமும் வெளுத்துப்போய், ஆள் மட்டும் தனியாகத் தெரிவார். இருக்கிற படம் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருந்தால், அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கண்ணோரமும் மூக்கு நுனியும் தெளிவாகத் தெரிந்தால் போதும், மற்றது மங்கலாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

அப்புறம் அளவு. பெரும்பாலும் இங்கேதான் தப்பு செய்வார்கள். ஆளை முழுதாக வைத்து, தோட்டத்தையும் வைத்து ஏ4 தாளில் அடித்தால் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் வரும், அதில் ஐந்து வயதுக் குழந்தை க்ரேயானை வைக்கவே இடமிருக்காது. கணக்கைக் கண்ணின் கருவிழியிலிருந்து தொடங்குங்கள். அதற்குள் க்ரேயான் நுனி சுற்றிவர ஒரு செ.மீ. வேண்டும். கருவிழி ஒரு செ.மீ. என்றால் கண்ணின் அகலம் இரண்டரை செ.மீ. வரும். முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அளவு, ஆக 12 செ.மீ.க்குச் சற்று மேல். தலையின் உயரம் அதில் ஒன்றரைப் பங்கு, சுமார் 19 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. குல்லாவின் மேல்பகுதிக்கும் கழுத்து, தோள், ஸ்வெட்டரின் நெஞ்சுப்பகுதிக்கும் மிச்சம் இடம் சரியாக இருக்கும். எனவே நெஞ்சுக்கு மேலாக வெட்டிக்கொள்ளுங்கள். கையில் டீ கிளாஸ் வைத்திருக்கிறார், அதுவும் வேண்டும் என்றால் அது இன்னொரு பக்கம்.

இந்த அளவில் போட்டோவை வெளிறலாகப் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து `Colors > Levels` போங்கள். முதலில் மேலே இருக்கும் மூன்று முக்கோணங்களில் நடுவில் இருப்பதை இடப்பக்கம் நகர்த்தினால் குல்லாவுக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் இருட்டாக இருந்த இடங்கள் திறந்துகொள்ளும். நம்மவர் தோல் நிறத்துக்கு இது அவசியம். இதைச் செய்யாமல் நேரே கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிழலில் இருக்கும் மாநிற முகம் மொத்தமாக ஒரு கறுப்புத் திட்டாகிவிடும், கண்ணிமை எங்கே முடிகிறது என்றே தெரியாது. பிறகு கீழே `Output Levels` வரிசையில் இடக்கோடி முக்கோணத்தை 120 வரை கொண்டுபோங்கள். படம் மொத்தமாகச் சாம்பலாக வெளுக்கும். அதன்மேல் பென்சில் வைத்தால் உங்கள் கோடு தனியாகத் தெரியும். கறுப்பான போட்டோவின் மேல் ட்ரேஸ் எடுக்கும்போது எதை வரைந்தோம், எதை விட்டோம் என்று புரியாமல் போவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

பிரிண்டின் மேல் பட்டர் பேப்பரை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பட்டர் பேப்பர் ஈரத்தை இழுத்து அலையலையாக வளையும், மலைமேல் மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்திலேயே வளைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் வரைந்துகொண்டிருக்கும்போதே அது நகர்ந்து, இடக்கண் ஓர் இடத்திலும் வலக்கண் அதற்கு இரண்டு மில்லிமீட்டர் கீழேயும் வந்து நிற்கும். ஒரே உட்காரலில் பென்சில் வேலையை முடித்துவிடுவது நல்லது.

எல்லோருக்கும் முதலில் கண்ணை வரையத்தான் கை போகும். அதைத் தள்ளிவையுங்கள். பெரிய உருவங்கள் முதலில்: குல்லா ஒன்று, முகம் ஒன்று, தாடி ஒன்று, மஃப்ளர் இருந்தால் அது ஒன்று, ஸ்வெட்டர் ஒன்று. ஐந்தும் மூடிய வடிவங்களாக, ஒவ்வொன்றையும் ஒரு நிறத்தால் நிரப்ப முடிகிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல் இந்த ஐந்து வடிவத்தைப் பார்த்தாலே பாதித் தாத்தா தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கண்ணையும் மூக்கையும் எவ்வளவு அழகாகப் போட்டாலும் பயனில்லை. முகச்சாயல் பெரும்பாலும் இடைவெளிகளில்தான் இருக்கிறது. குல்லா ஓரத்துக்கும் புருவத்துக்கும் எவ்வளவு தூரம், இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு, மூக்குக்குக் கீழ் மீசை எவ்வளவு உயரம். இவற்றை மட்டும் போட்டோவில் இருப்பதிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாமல் எடுங்கள். குல்லாவின் மடிப்பு, ஸ்வெட்டரின் தோள் இதெல்லாம் கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை.

தாடி உங்கள் படத்தில் கொஞ்சம் சிரமமான இடம். கன்னத்தில் தாடி எங்கே தொடங்குகிறது என்று போட்டோவில் திட்டமான எல்லை இருக்காது, தோல் மெல்ல மெல்ல முடியாக மாறும். ஆனால் குழந்தைக்கு அங்கே ஓர் எல்லை வேண்டும், அவள் அங்கே க்ரேயானை மாற்றப்போகிறாள். முடி அடர்த்தியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில், முடி விழும் திசையிலேயே சின்னச் சின்ன வளைவுகளாக ஒரு கோடு கொண்டுவாருங்கள். தாடியின் அடி ஓரத்துக்கும் அப்படியே, வளைவு மட்டும் இன்னும் பெரிதாக. உள்ளே நான்கைந்து நீளக் கீற்று போதும். அவை தாடியின் ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே மெலிந்து முடிய வேண்டும். இந்தக் கீற்றுகள் எதையும் மூட வேண்டியதில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நிறம்தான். மீசை தனி வடிவம். அதற்குக் கீழே உதடு தெரிந்தால் இரண்டு உதடும் சேரும் நடுக்கோட்டைப் போட்டு, கீழுதட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு வளைவு கொடுங்கள். சிரிப்பில் பல் தெரிந்தால் மொத்தத்தையும் ஒரே வெள்ளைப் பட்டையாக விடுங்கள். பல்லுக்குப் பல் கோடு போட்டால் சிரிப்பு பயமுறுத்தும் சிரிப்பாகிவிடும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூக்கு எளிது, ஆனால் கை சும்மா இருக்காது. நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்குத் துவாரத்தின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி இரண்டு வளைவு, அடியில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். போட்டோவில் மூக்கின் ஒரு பக்கம் நிழலாக இருக்கும், அதைப் புருவத்திலிருந்து நுனிவரை ஒரு கோடாக இழுக்கத் தோன்றும். இழுத்தால் மூக்கு கூராகி, முகம் கோபமாகத் தெரியும். அந்த நிழலுக்கு இரண்டு பக்கமும் தோல்தான் இருக்கிறது, குழந்தை அங்கே நிறத்தை மாற்ற மாட்டாள்.

கண்ணாடிக்கு வருகிறேன். தடித்த ஃப்ரேம் என்றால் இரட்டைக் கோடு போட்டு நடுவே மூன்று மில்லிமீட்டராவது விடுங்கள், அதற்கும் அவள் கலர் அடிப்பாள். கம்பி ஃப்ரேம் என்றால் இரட்டைக் கோடு வேண்டாம், தடித்த ஒற்றைக் கோடு போதும். கண்ணாடியில் அடிக்கும் வெளிச்சப் பட்டையை விட்டுவிடுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி என்றால் உள்ளே தெரியும் கண் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதைச் சரிசெய்ய நினைக்காமல் போட்டோவில் எப்படியோ அப்படியே எடுங்கள், பேத்தி தினமும் பார்ப்பது அந்தக் கண்ணைத்தான். மேல் இமைக்குத் தடித்த கோடு, கீழ் இமைக்கு மெல்லிய கோடு. இரண்டையும் ஒரே தடிமனில் போட்டால் ஆள் திடுக்கிட்டு முழிப்பதாகத் தெரியும். கருவிழிக்குள் வெளிச்சப் புள்ளி ஒன்று வெள்ளையாக இருக்கட்டும்.

சுருக்கம் எத்தனை போடுவது என்பதில் ஓவியருக்கு ஓவியர் வேறுபடுவார்கள், நான் சொல்வது என் வழக்கம். போட்டோவில் சுருக்கம் மெல்லிய நிழல்தான், ஆனால் கோட்டுப் படத்தில் மெல்லியது என்று ஒன்று கிடையாது, போட்டால் கறுப்பு, விட்டால் வெள்ளை. எனவே பத்துச் சுருக்கத்தைப் பத்துக் கோடாகப் போட்டால் வயது இன்னும் பத்துக் கூடிவிடும். கண்ணின் வெளியோரம் பக்கத்துக்கு இரண்டு கீற்று, கண்ணைத் தொடாமல். மூக்கோரத்திலிருந்து இறங்கும் சிரிப்பு மடிப்பைத் தொடங்கி, மீசைக்குப் போய்ச் சேரும் முன்னே நிறுத்திவிடுங்கள். நெற்றியைக் குல்லா பார்த்துக்கொள்ளும். சுருக்கமே இல்லாமல் விடுவதும் சரியாக வராது, அப்போது தாடி ஒட்டிய பையன்தான் வருவான்.

ஸ்வெட்டரில் பின்னலை எண்ணாதீர்கள். கழுத்துப் பட்டியில் நெடுக்காகச் சில கோடு, நெஞ்சின் குறுக்கே விரல் அகலத்தில் இரண்டு பட்டை, நடுவே நான்கைந்து பெரிய சாய்சதுரம், போதும். உண்மையான டிசைன் அதுவாக இருக்க வேண்டியதில்லை, பின்னல் ஸ்வெட்டர் என்று தெரிந்தால் சரி. பின்னணியில் இரண்டு மலை வளைவும், மேடுமேடாக இரண்டு மூன்று தேயிலை வரிசையும் போடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலைக்கோடு குல்லாவின் உச்சியைச் சரியாகத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. தொட்டால் எது முன்னால், எது பின்னால் என்று குழம்பும். கன்னத்தின் உயரத்தில் முகத்துக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரட்டும். தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரம் தலைக்கு நேர் பின்னால் இருந்தால் அது குல்லாவிலிருந்து முளைத்ததாகத் தெரியும், தாராளமாக ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

பென்சில் முடிந்ததும் போட்டோ பிரிண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். அடியில் வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்தால் தேவையில்லாத கோடு தானாகத் தெரியும். பட்டர் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமாகவும் பாருங்கள். ஒரு கண் ஏறியிருந்தால், தாடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், திருப்பியதும் கண்ணை உறுத்தும். அங்கே திருத்திவிட்டு, அதன்மேல் இரண்டாவது பட்டர் பேப்பர் வைத்து மையில் எடுங்கள். போட்டோவின் மேல் வைத்து நேரே மையில் எடுத்தால் ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துக் கை மெதுவாகப் போகும், மெதுவாகப் போகும் கோடு நடுங்கும். இரண்டாவது தாளில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும், முழங்கையை நகர்த்தி ஒரே இழுப்பில் இழுக்கலாம். சுத்தமான கோடு என்று நீங்கள் கேட்டது பெரும்பாலும் இந்த இரண்டாவது தாளில்தான் கிடைக்கும். வெளிக்கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், உள்ளே ஒரு மில்லிமீட்டர், சுருக்கத்துக்கும் தாடிக் கீற்றுக்கும் அரை மில்லிமீட்டர் என்று ஐந்து வயதுக்கு வைத்துக்கொள்வேன். மூன்று வயதுக் குழந்தை என்றால் இன்னும் தடிமனாகப் போட்டு உள்கோடுகளைப் பாதியாகக் குறைப்பேன். இந்த அளவுகள் அனுபவத்தில் வந்தவை, சட்டம் கிடையாது.

ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் கறுப்பு வெள்ளையாக எடுப்பது நல்லது. போனில் எடுத்தால் தாளின் ஒரு மூலை இருட்டாக விழுந்து, சுத்தம் செய்யும்போது அந்த மூலை கறுப்பாகிவிடும், ஜன்னல் வெளிச்சம் சமமாக விழும்படி வைத்து எடுங்கள். பிறகு இங்க்ஸ்கேப் மென்பொருளில் திறந்து `Path > Trace Bitmap` போய் `Brightness cutoff` தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் `Edge detection` ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் கோடு போட்டு இரட்டையாக்கிவிடும், அது வேண்டாம். `Speckles` அளவைக் கூட்டினால் தூசிப் புள்ளிகள் போய்விடும், ஆனால் கண்ணின் வெளிச்சப் புள்ளியும் அதோடு போகிறதா என்று பாருங்கள். `Path > Simplify` ஒருமுறை கொடுத்தால் கோடு வழுவழுப்பாகும். இரண்டாம் முறை கொடுத்தால் கண்ணோரம் உருண்டு சாயல் மாறத் தொடங்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜிம்பில் படத்தைத் திறந்து, வாளியிலிருந்து வண்ணம் கொட்டும் கருவியால் ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு நிறம் கொட்டிப் பாருங்கள். தாடியில் கொட்டிய நிறம் கன்னத்துக்கும் ஓடினால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் தாடியும் குல்லாவும் சேரும் காதோரத்திலும், மஃப்ளரும் ஸ்வெட்டரும் சேரும் இடத்திலும்தான் விட்டுப்போயிருக்கும். அடைத்துவிட்டு நிறங்களை நீக்கிச் சேமியுங்கள். அடையாளம் பார்க்க, விஷயம் சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். "யார் இது?" என்று யோசித்தால் முதலில் புருவத்துக்கும் குல்லாவுக்கும் உள்ள இடைவெளியைப் போட்டோவோடு ஒத்துப் பாருங்கள், பிறகு தாடையின் அகலத்தை. வாய் விட்டுச் சிரிக்கும் முகம் என்றால் இவ்வளவும் செய்தும் சாயல் தப்பலாம். சிரிப்பில் கன்னமும் கண்ணும் நிழலாலேயே உருவம் பெறுகின்றன, அதைக் கோட்டால் பிடிப்பது தொழில் செய்கிறவர்களுக்கே கடினம். வாய் மூடிப் புன்னகைக்கும் வேறு படம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டுக்கு 120 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறிவிடும். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் பெரும்பாலும் ஸ்கெட்ச் பேனாவின் ஈரம் பட்டுக் கறுப்புக் கோடு கரைந்து, வெள்ளைத் தாடியில் சாம்பல் இழுபடும். க்ரேயான் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. வாட்டர் கலரோ ஸ்கெட்ச் பேனாவோ தருவதாக இருந்தால், கடைக்குப் போய் லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோ எடுத்துக்கொள்ளுங்கள், டோனர் தண்ணீரில் கரையாது. தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, எடுக்கும்போது மட்டும் பிரியுங்கள். ஈரம் ஏறிய தாள் பிரிண்டரில் சிக்கும்.